மூடி ஓரம் சாலை உள்வாங்கினால் புகாரை எப்படி எழுதுவது

கேள்வி: "எங்கள் தெருமுனையில் பாதாளச் சாக்கடை மூடியை ஒட்டிச் சாலை இறங்கிக்கொண்டே போகிறது. படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நகராட்சி ஆப்பில் 'சாலைப் பள்ளம்' என்று புகாரும் கொடுத்தேன். ஜல்லி கொட்டிவிட்டு 'தீர்வு காணப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். பத்தே நாளில் மறுபடி இறங்கிவிட்டது. இரவில் வண்டியில் வருகிறவர்கள் யாராவது விழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இனி என்ன செய்வது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பள்ளம் என்று எழுதினீர்கள், வந்தவர்கள் பள்ளத்தை நிரப்பினார்கள். உங்கள் தெருவில் இருப்பது பள்ளம் இல்லை என்று நினைக்கிறேன். சாலைக்கு அடியில் மண் கரைந்துபோய் வெற்றிடம் உண்டாகியிருக்க வேண்டும். அதனால்தான் கொட்டிய ஜல்லியும் கீழே போய்விட்டது. இது சரியாக வேண்டுமானால் புகார் வேறு துறைக்குப் போக வேண்டும், வேறு சொற்களில் போக வேண்டும்.

பள்ளத்துக்கும் உள்வாங்கலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். சாதாரணப் பள்ளம் மேலிருந்து கீழே போகும். தார் உடைந்து விளிம்பு கூர்மையாக இருக்கும், சுற்றிலும் ஜல்லி சிதறிக் கிடக்கும், மழை பெய்தால் தண்ணீர் அதில் தேங்கும். உள்வாங்கல் கீழிருந்து மேலே வரும். தார் உடையாமல் ஒரு தட்டு மாதிரி உள்ளே வளைந்திருக்கும். அதைச் சுற்றி வட்டமாக, அல்லது பிறை போல, மெல்லிய விரிசல் ஓடும். மழைத் தண்ணீர் அங்கே ஓடிவந்து, தேங்காமல், விரிசல் வழியாகக் காணாமல் போகும். நிரப்பிய பிறகும் இறங்குகிறது என்றால் கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் இதுதான். சாக்கடைக் குழாய் ஆளிறங்கு குழியின் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு இணைப்பு இருக்கிறது. அந்த இணைப்பின் பூச்சு விட்டுப்போனால், மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஈர மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் கசியும். உள்ளே ஓடும் சாக்கடை நீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடியில் மண் இல்லாமல் தார் மட்டும் ஒரு பாலம் மாதிரி நிற்கும். இருசக்கர வண்டிகளைத் தாங்கும், கார்களைக்கூடச் சில நாள் தாங்கும். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் லாரியோ குப்பை லாரியோ அதன் மேல் ஏறும்போது மொத்தமாக உள்ளே போகும். ஆகவே மேலே தெரிகிற ஆழத்தை வைத்து ஆபத்தை எடை போடாதீர்கள். நாலு விரல் இறங்கியிருக்கிற இடத்துக்குக் கீழே ஒரு ஆள் நிற்கிற வெற்றிடம் இருக்கலாம்.

இதனால் ஒரு எச்சரிக்கை. அளக்கிறேன், படம் எடுக்கிறேன் என்று அந்த விரிசலுக்குள் கால் வைக்காதீர்கள். தட்டிப் பார்க்காதீர்கள். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவே கூடாது. சாக்கடைக் குழிக்குள் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லையே, பரவாயில்லை என்று தலையை நீட்டியவர்கள் மயங்கி விழுவது அப்படித்தான். நம் வேலை வெளியே நின்று பார்ப்பது, பதிவு செய்வது, அவ்வளவுதான்.

சரி, படத்துக்கு வருகிறேன். பெரும்பாலான புகார்கள் இங்கேதான் தோற்கின்றன. மத்தியான வெயிலில், நின்ற உயரத்தில், செல்போனைக் கீழே சாய்த்து எடுத்தால் உள்வாங்கிய சாலை தட்டையாகத்தான் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்குச் சாதாரணச் சாலையும் ஒரு மூடியும்தான் தெரியும். காலை ஏழு மணிக்குள் அல்லது சாயங்காலம், வெளிச்சம் சாய்வாக விழுகிற நேரத்தில் எடுங்கள். அப்போது தாழ்ந்த இடத்தில் நிழல் விழும், குழிவு தெளிவாகத் தெரியும். சாலை ஓரத்தில் நின்று, முட்டி உயரத்துக்குச் செல்போனை இறக்கி எடுங்கள். மழை விட்ட உடனே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. விரிசல் கோடு ஈரத்தில் கறுப்பாகத் தெரியும்.

மூன்று படம் போதும். முதல் படம் தூரத்திலிருந்து. இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று, மாறாமல் அங்கேயே இருக்கிற ஒன்று, அதில் வர வேண்டும். மின்கம்பத்தின் எண், தெருப் பெயர்ப் பலகை, சந்திப்பு, இப்படி. நிறுத்தியிருக்கிற வண்டியோ தள்ளுவண்டியோ அடையாளம் ஆகாது, நாளைக்கு அது இருக்காது. இரண்டாவது படத்தில் உள்வாங்கிய இடம் முழுவதும், மூடியோடும் சாலையின் இரண்டு ஓரங்களோடும் வர வேண்டும். அப்போதுதான் வண்டி போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும். மூன்றாவது கிட்டத்தில், விரிசல் மட்டும். அளவு தெரிய, விரிசலுக்கு வெளியே ஓர் அளவு நாடாவை நீட்டி வையுங்கள். நாடா இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்தால் போதும். அதன் நீளம் எல்லோருக்கும் தெரியும். வண்டி எண், மனிதர் முகம், யாருடைய வீட்டு வாசலும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை ஐம்பது பேர் பார்க்கப்போகிறார்கள்.

இரண்டாவது படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரக் கல்லில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால் இன்னும் நல்லது. இனி எடுக்கும் எல்லாப் படமும் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அதே பாட்டிலோடு. ஒரு படம் நிலைமையை மட்டும்தான் காட்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு படம் அது வளர்வதைக் காட்டும். 'திங்கட்கிழமை விரிசல் வட்டம் 40 சென்டிமீட்டர், வியாழக்கிழமை 65 சென்டிமீட்டர்' என்று இரண்டு படத்தோடு எழுதினால், படிக்கிற பொறியாளருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வளர்கிற உள்வாங்கல் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இடம் குறிப்பதில் இரண்டு இடங்களில் எல்லோரும் தவறுகிறார்கள். முதலாவது, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும், தெளிவும் குறைந்துவிடும். குழுவுக்கு அது போதும். ஆனால் மூலப் படத்தை உங்கள் செல்போனில் தனி ஆல்பத்தில் வைத்திருங்கள். அதிகாரி கேட்டால் ஆவணமாக அனுப்புங்கள், அப்போது எல்லா விவரமும் அப்படியே போகும். இரண்டாவது, பல புகார் ஆப்கள் படத்திலிருந்து இடத்தை எடுப்பதில்லை. புகாரைப் பதிகிற நேரத்தில் உங்கள் செல்போன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். மத்தியானம் படம் எடுத்துவிட்டு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பதிந்தால், வரைபடத்தில் குறி உங்கள் வீட்டு மேல் விழும். களப் பணியாளர் அங்கே வந்து பார்ப்பார், ஒன்றும் இருக்காது, 'குறை இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

செல்போனின் இடக்குறிப்பும் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டலாம், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் இன்னும் கூடும். ஒரே தெருவில் இரண்டு மூடி இருந்தால் அந்த 5 மீட்டர் தப்பான மூடிக்குக் கொண்டுபோய்விடும். அதனால் வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கி, விரலை அழுத்திப் பிடித்துக் குறி போட்டு, அந்த எண்களை நகலெடுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நுணுக்கம் கிடைக்கும், நாலு இலக்கத்தில் பதினோரு மீட்டர்தான். அதோடு சொல்லாலும் எழுதுங்கள்: எந்தச் சந்திப்பிலிருந்து எத்தனையாவது மூடி, சாலையின் எந்தப் பக்கம், எந்த மின்கம்பத்துக்கு நேரே. வேலைக்கு வருகிறவர் வரைபடத்தைப் பார்க்கமாட்டார். மேஸ்திரி போனில் சொல்கிற 'மூன்றாவது கம்பத்துக்கு எதிரே' என்பதை வைத்துத்தான் வருவார்.

அடுத்தது துறை. மூடி யாருடையது என்பதை மூடியே சொல்லும். பல மூடிகளில் துறையின் பெயரோ சுருக்கெழுத்தோ வார்ப்பிலேயே இருக்கும், தேய்ந்திருந்தால் சாய்வான வெளிச்சத்தில் படிக்க வரும். எழுத்து இல்லையென்றால் வடிவம் உதவும். சாலை நடுவில் சீரான தூரத்தில் வரிசையாக இருக்கும் கனமான வட்ட மூடி பெரும்பாலும் பாதாளச் சாக்கடை. ஓரத்தில் கம்பி போட்ட சட்டம் மழைநீர் வடிகால். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் சின்ன மூடி குடிநீர்க் குழாயின் வால்வாக இருக்கலாம். இரண்டு மூன்று செவ்வகத் தகடுகள் அடுத்தடுத்து இருந்தால் தொலைபேசிக் கேபிள். சாலையையும் பாருங்கள். பெரிய சாலைகள் பல ஊர்களில் நகராட்சியிடம் இருப்பதில்லை, நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கும். புகாரில் தவறான தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் அது சரியான மேசைக்குத் தானாக நகர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 'எங்கள் துறை சார்ந்ததல்ல' என்று மூடப்படுவதே வழக்கம். உங்கள் விஷயத்தில் 'சாலைப் பள்ளம்' என்ற தலைப்பை விட்டுவிட்டு, 'பாதாளச் சாக்கடை, ஆளிறங்கு குழி' என்ற தலைப்பில் போங்கள்.

இப்போது புகாரின் வாசகம். கோபத்தையும் வரிப்பணத்தையும் முதல் வரியில் வைக்காதீர்கள். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் பல ஆப்களில் பெட்டிக்கு எழுத்து வரம்பு உண்டு, பணியாளர் செல்போனில் முதல் இரண்டு வரிதான் தெரியும். அந்த இரண்டு வரியில் என்ன, எங்கே என்பது இருக்க வேண்டும். நான் இப்படி எழுதுவேன்:

"ஆளிறங்கு குழியை ஒட்டிச் சாலை உள்வாங்குகிறது, அடியில் வெற்றிடம் இருப்பதாகத் தெரிகிறது. இடம்: சந்திப்பிலிருந்து இரண்டாவது மூடி, இடது பக்கம், மின்கம்பம் எண் இன்னது எதிரே. விரிசல் வட்டம் திங்கட்கிழமை 40 செ.மீ., இன்று 65 செ.மீ. முன்பு இன்ன எண் புகாரில் ஜல்லி நிரப்பப்பட்டது, 10 நாளில் மீண்டும் இறங்கியது. கோரிக்கை 1: இன்றே தடுப்பும் இரவில் ஒளிரும் பட்டையும் வைக்க வேண்டும். கோரிக்கை 2: குழியின் குழாய் இணைப்பைச் சோதித்துச் சரிசெய்து, அதன் பிறகு சாலையைப் போட வேண்டும்."

இதில் கோரிக்கையை இரண்டாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். இணைப்பைச் சரிசெய்யச் சாலையைத் தோண்ட வேண்டும். மதிப்பீடு, ஒப்பந்ததாரர், சாலைத் துறையின் அனுமதி என்று அதற்கு நாள் ஆகும். தடுப்பு வைக்க இதில் எதுவும் வேண்டாம், பகுதி அலுவலகத்தில் ஒரு போன் போதும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் பெரிய வேலை முடிகிற வரை சின்ன வேலையும் நடக்காமல் கிடக்கும். ஆட்கள் விழுவது அந்த இடைப்பட்ட நாட்களில்தான். அதனால் தடுப்பை ஆப்பில் எழுதியதோடு விடாமல் அன்றைக்கே பகுதி அலுவலகத்துக்குப் போன் செய்து தனியாகக் கேளுங்கள். ஏற்கெனவே ஓட்டை திறந்துவிட்டது, மூடி உடைந்து உள்ளே போய்விட்டது என்றால் ஆப்பே வேண்டாம். அவசர எண்ணை அழையுங்கள், காவல் துறைக்கும் சொல்லுங்கள், யாராவது ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று வண்டிகளைத் திருப்பிவிடுங்கள். அருகில் மின்கம்பி அறுந்து கிடந்தாலோ தேங்கிய நீரில் மின்கசிவு சந்தேகம் இருந்தாலோ குறைந்தது 10 மீட்டர் தள்ளி நின்று, முதலில் மின்வாரியத்துக்கு.

நாமே ஏதாவது வைக்கலாமா என்று கேட்பீர்கள். மரக்கிளையை நட்டு வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். பகலில் அது உதவும். இரவில் தெருவிளக்கு இல்லாத இடத்தில் கிளை கண்ணுக்குத் தெரியாது, தெரிகிறபோது வண்டி அதன் மேல் இருக்கும். பாறாங்கல் வைப்பது அதைவிட மோசம், அதுவே இன்னொரு விபத்தாகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் லேசான, மோதினால் ஒடிந்துபோகிற பொருளாக, வெள்ளைத் துணியோ ஒளிரும் பட்டையோ சுற்றி, விரிசலுக்கு நன்றாக முன்னாலேயே, வண்டி வரும் திசையில் வையுங்கள்.

குழுவில் போடும் செய்தி வேறு வகை. அலுவலகத்துக்குத் தேவை விவரம், அக்கம்பக்கத்துக்குத் தேவை எச்சரிக்கை. 'பாருங்கள் நம் தெருவின் நிலையை' என்று வெறும் படம் போட்டால் கட்டை விரல்களும் பெருமூச்சும்தான் வரும். எங்கே, எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், யார் என்ன செய்திருக்கிறார்கள், அடுத்து எப்போது சொல்வீர்கள் என்பதைப் போடுங்கள். உதாரணமாக: "14ஆம் தேதி, மாலை 6 மணி. இரண்டாவது மூடி ஓரம் சாலை உள்ளே இறங்குகிறது. வலது பக்கமாக ஒதுங்கிப் போகவும், கனமான வண்டிகளை இந்த வழியே வரச் சொல்ல வேண்டாம். புகார் எண் இது. தடுப்பு கேட்டிருக்கிறேன். நாளை காலை 10 மணிக்கு நிலவரம் சொல்கிறேன்." தேதியும் நேரமும் கட்டாயம். இந்தச் செய்தி வேறு குழுக்களுக்குப் போகும், ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும், அப்போது யாரும் வீணாகப் பதற வேண்டியதில்லை. தண்ணீர் லாரிக்குச் சொல்கிறவர், பள்ளி வேன் ஓட்டுநரின் எண் வைத்திருக்கிறவர் குழுவில் இருப்பார்கள். அவர்களிடம் பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் யாரோ செய்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள்.

குழுவில் உள்ள இருபது பேரும் ஆளுக்கொரு புகார் கொடுப்பது நல்லதா என்றால், என் அனுபவத்தில் இல்லை. ஒரே இடத்துக்கு இருபது எண் வந்தால் பத்தொன்பதை 'நகல்' என்று மூடுவார்கள், சில சமயம் உண்மையான எண்ணும் அதோடு சேர்ந்து மூடப்பட்டுவிடும். ஒருவர் பதியட்டும், மற்றவர்கள் அதே எண்ணைச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் செய்யட்டும். ஒரு எண்ணைப் பற்றி ஒரு நாளில் நாலு வீட்டிலிருந்து கேட்டால் அது மேசையின் மேலே வரும்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன், பின்தொடர்வது எப்படி என்பது அதில் வந்துவிடும். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் புகார் வேலையைப் பல வருடமாக நான் பார்த்து வருகிறேன். அப்படியும் முதல் இரண்டு முறை நானும் 'பள்ளம்' என்றே எழுதினேன், இரண்டு முறையும் ஜல்லி வந்தது. மூன்றாம் முறை ஒரு மழை நாளில் குடையோடு நின்று பார்த்தேன். தெருவின் தண்ணீர் முழுவதும் மூடியை நோக்கி ஓடி வந்தது. மூடிக்கு ஒரு சாண் முன்னால், விரிசலில், சத்தமே இல்லாமல் உள்ளே போனது. ஒரு சின்ன சுழி, அதில் ஒரு இலை சுற்றிச் சுற்றி நின்றது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பத்து நொடி வீடியோ எடுத்தேன். மேலே சொன்ன மாதிரி திருத்தி எழுதிச் சாக்கடைப் பிரிவுக்கு அனுப்பினேன். தடுப்புக்குத் தனியாகப் போன் செய்தேன். அன்று இரவே இரண்டு தடுப்பு வந்தது.

மூன்றாம் நாள் வரை வேறு ஒன்றும் நடக்கவில்லை. போன் செய்தேன். 'ஏன் இன்னும் வரவில்லை' என்று கேட்டால் 'வருவார்கள்' என்பதுதான் பதிலாக இருக்கும், அதனால் வேறு மாதிரிக் கேட்டேன். இந்த எண் இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது, அது எதற்காகக் காத்திருக்கிறது, நான் மறுபடி எப்போது கேட்கலாம். இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தது. அடைப்பு நீக்கும் வண்டிக்காகக் காத்திருக்கிறது என்றார்கள். பதிலையும் தேதியையும் ஒரே நோட்டில் எழுதி வைத்தேன், குழுவிலும் பழைய செய்திக்குக் கீழேயே பதிலாகப் போட்டேன். புதுச் செய்தியாகப் போட்டால் கதை துண்டு துண்டாகிவிடும்.

ஆறாம் நாள் ஆட்கள் வந்து குழியைத் திறந்து, கழிவை உறிஞ்சி எடுத்துவிட்டு, விளக்கடித்துப் பார்த்தார்கள். அடியில் ஆற்று மணல் மாதிரி மண் சேர்ந்திருந்தது, குழாய் நுழையும் இடத்தில் பூச்சே இல்லை என்று பொறியாளர் சொன்னார். தார்த் தோலை உடைத்தபோது உள்ளே ஒரு பீப்பாய் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. மேலே தெரிந்த இறக்கம் நாலு விரல்தான். இணைப்பைச் சரிசெய்து, மண்ணைப் போட்டு இடித்து மூடிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே 'தீர்வு காணப்பட்டது' என்று செய்தி வந்தது.

சாலை இன்னும் மண்ணாகத்தான் இருந்தது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. சாக்கடைப் பிரிவின் வேலை முடிந்துவிட்டது, தார் போடுவது சாலைப் பிரிவின் வேலை. அவர்களிடம் புகாரே இல்லை. இரண்டு துறைக்கு நடுவில் விழுந்துபோகும் இந்த இடத்தைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடிய எண்ணைக் குறிப்பிட்டு, 'இணைப்பு சரிசெய்யப்பட்டது, தோண்டிய இடத்தில் தார் போட வேண்டும், 1 மீட்டருக்கு 1.5 மீட்டர்' என்று சாலைப் பிரிவில் புதிய புகார் பதிந்தேன். உடனே தார் போடவும் அவசரப்படுத்தாதீர்கள். நிரப்பிய மண் படிய ஓரிரு வாரம் விட்டால் நல்லது, அடுக்கடுக்காக இடிக்காமல் மொத்தமாகக் கொட்டியிருந்தால் அதற்குள் அது இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு மூன்று விரல் இறங்கியது. மறுபடி நிரப்பி இடித்த பிறகுதான் தார் போட்டார்கள். மொத்தம் ஐந்து வாரம் ஆயிற்று.

உங்கள் புகார் வேலையே நடக்காமல் மூடப்பட்டிருந்தால், செய்தி வந்த அன்றே அதே சுண்ணாம்புக் கோட்டில் நின்று படம் எடுத்து, அதே எண்ணை மீண்டும் திறக்கக் கேளுங்கள். சில அமைப்புகளில் அதற்குச் சில நாள் அவகாசம்தான் தருவார்கள், தள்ளிப்போடாதீர்கள். மீண்டும் திறப்பது புதிதாகக் கொடுப்பதைவிட நல்லது. புது எண் என்றால் நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், பழைய தாமதம் எங்கேயும் பதிவாகாது. திறக்க வழி இல்லையென்றால் புதிய புகாரின் முதல் வரியில் பழைய எண்ணைப் போடுங்கள். அதற்கும் ஒரு வாரத்தில் அசைவில்லை என்றால் தாளுக்குப் போங்கள். ஒரே பக்கத்தில் மனு, தேதி வாரியாக எண்களும் நடந்ததும், இரண்டு படம். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். அந்தப் பிரதியை வைத்துத்தான் அடுத்த மேல் அதிகாரியிடம் பேச முடியும். ஆபத்து எழுத்தில் தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அது சாட்சி. அப்புறம் அதைக் கிடப்பில் போட யாருக்கும் மனம் வராது.

தார் போட்ட பிறகு கடைசியாக ஒரு வேலை. அன்றைய படத்தைக் குழுவில் பழைய செய்திக்குக் கீழே போட்டு, எச்சரிக்கை முடிந்தது, வழக்கம்போலப் போகலாம் என்று சொல்லுங்கள். வந்து வேலை செய்தவர்களுக்கு நன்றியும் சொல்லுங்கள், அடுத்த முறை அதே ஆட்கள்தான் வருவார்கள். ஆனால் ஆல்பத்தையும் நோட்டையும் அழித்துவிடாதீர்கள். அடுத்த இரண்டு பெரிய மழைக்குப் பிறகு போய் அதே கோட்டில் நின்று பாருங்கள். தண்ணீர் மூடியைத் தாண்டி ஓடிப் போகிறதா, விரிசல் பிறை மறுபடி தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒப்பந்த வேலைகளுக்குப் பெரும்பாலும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும். அதற்குள் இறங்கினால் செய்தவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அப்போது உங்களிடம் இருக்கும் தேதியிட்ட படங்கள் பொறியாளருக்கே உதவும். எங்கள் தெருவில் இரண்டாவது மழையில் நின்று பார்த்தேன். தண்ணீர் மூடியின் மேலேயே ஓடி, ஓர வடிகாலில் போய் விழுந்தது.